வாளியைப் பிடித்து நிறுத்திய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

எங்கள் குடியிருப்பில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு கீசர் பிளக் பாயின்ட் தீப்பிடித்தபோது ஓடிவந்த உங்களுக்குச் சேர வேண்டிய நன்றி இது.

முதலில் எதிர் வீட்டு அக்காவுக்கு. சுவிட்ச் பெட்டியிலிருந்து நெருப்பு எழுந்ததும் அம்மா வாளித் தண்ணீரோடு ஓடினார். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, ஊத்தாதீங்க! முதல்ல மெயினை இறக்குங்க" என்று கத்தியது நீங்கள்தான். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், மின்சாரம் அதில் எளிதாகப் பாயும். ஊற்றியிருந்தால் தண்ணீர் வழியாகவே 230 வோல்ட் அம்மாவைத் தொட்டிருக்கும். அவர் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றிருந்தார். பக்கத்து சுவிட்சுகளுக்குள்ளும் தண்ணீர் இறங்கி அங்கேயும் ஷார்ட் ஆகியிருக்கும்.

அடுத்து, கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பிக்கு. செருப்பு மாட்டிக்கொண்டு, கை ஈரமில்லாமல் நான் மெயினை இறக்கிவிட்டேன். எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன். நீங்கள் உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தது ஹால் ஃபேனை. அது சுற்றிக்கொண்டிருந்தது! "அண்ணே, இன்வெர்ட்டர் எங்க?" என்று கேட்டு அதையும் அணைத்தீர்கள். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக வீட்டு வயர்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும் என்பது அந்த நிமிடம் என் நினைவில் இல்லவே இல்லை.

அதற்குள் வாட்ச்மேன் ஐயா படிக்கட்டில் மாட்டியிருந்த பவுடர் சிலிண்டரோடு வந்துவிட்டார். பின்னை இழுத்து, ஆறடி தள்ளி நின்று, நெருப்பின் அடியைப் பார்த்து இடமும் வலமுமாக அடித்தார். சில நொடிகளில் அணைந்தது. ஐயா, உங்கள் நிதானத்தை மறக்க மாட்டேன்.

101-க்கு அழைத்த மாடி வீட்டுத் தங்கைக்கும், வந்த தீயணைப்பு வீரர்களுக்கும் நன்றி. நெருப்பு அணைந்த பிறகும் அவர்கள் உடனே கிளம்பவில்லை. வயர் போகும் சுவரில் கை வைத்து, உள்ளே சூடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். புகை அறையை நிறைத்திருந்தாலோ, புகையைத் தாண்டித்தான் மெயினுக்குப் போக வேண்டும் என்றாலோ, எதையும் தொடாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்றார்கள்.

எம்சிபி ஏன் விழவில்லை என்று பலரும் கேட்டீர்கள். கருகிய சாக்கெட்டைக் கழற்றித் தம்பி காட்டினார். ஸ்க்ரூ தளர்ந்து வயர் ஆடிக்கொண்டிருந்தது. 2000 வாட் கீசர் இழுப்பது சுமார் 9 ஆம்பியர்தான், எங்கள் எம்சிபி 16 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால்தான் அது விழும். தளர்ந்த இடத்தில் ஏறும் சூடு அதற்குத் தெரியாது. இரண்டு நாளாகக் குளியலறைப் பக்கம் கருகின மீன் வாடை அடித்தது. அது சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை என்று தெரியாமல், சாக்கடை என்று நினைத்து நான் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வயரை மாற்றியாகிவிட்டது. காலியான சிலிண்டரை என் செலவில் நிரப்பக் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை பழைய இடத்திலேயே மாட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
இரண்டாம் மாடியிலிருந்து