லிண்டிஸ்பார்ன் பயணத்துக்குத் தேதி குறிக்கும் முன்: நம் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட இங்கிலாந்தில் தமிழ்க் குடும்பங்களுக்காகக் கோடைப் பயணங்களை ஏற்பாடு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஹோலி ஐலண்ட் என்கிற லிண்டிஸ்பார்ன் தீவுக்குப் பேருந்து பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏ1 சாலையிலிருந்து பீல் வழியாகத் தீவுக்குப் போகும் அந்தத் தார்ச்சாலையைக் கடல் தினமும் இரண்டு தடவை மூடிவிடும். இது உங்களுக்குத் தெரியும். ஆனால் நாள் குறிக்கும்போது அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சென்ற ஆண்டு எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முந்தைய சனிக்கிழமை இன்னொரு குழு பன்னிரண்டு மணிக்குப் போய், சாயங்காலம் ஐந்து மணிக்கு நிம்மதியாகத் திரும்பியிருந்தது. அதை நம்பி அடுத்த சனிக்கிழமை மூன்று கார்களில் கிளம்பினோம். பதினொன்றரைக்குத் தீவில் இருந்தோம். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் அட்டவணையைப் பார்த்தோம். பன்னிரண்டரைக்குச் சாலை மூடிவிடும் என்று இருந்தது. அப்போதே மணி 12.40.

அவசரமாகக் கிளம்பினோம். ஊரை விட்டு வெளியே வந்ததும் சாலை நன்றாகக் காய்ந்து கிடந்தது. ஒரு மைல் தாண்டியும் அப்படியேதான். அந்தக் காய்ந்த சாலைதான் ஏமாற்றுகிறது. தீவிலிருந்து வரும்போது மணல்மேடுகளின் ஓரமாகவே நெடுந்தூரம் வருகிறோம். தண்ணீர் முந்திக்கொண்டு ஏறும் பள்ளம், ஓடைமேல் பாலம் இருக்கும் இடம், நிலப்பகுதிக்குச் சற்று முன்பு, பயணத்தின் கடைசியில்தான் வருகிறது. அங்கே வந்தபோது தாரைக் காணோம். பாலத்தை ஒட்டி உயரமான கால்களில் நிற்கும் வெள்ளை அடைக்கலக் கூண்டு மட்டும் தெரிந்தது. முன்னால் போன காரின் சக்கரத்தில் கடற்பாசி சுற்றிக்கொண்டது. அவர் பின்னோக்கி எடுத்தார். எல்லோரும் ஊருக்கே திரும்பி, ஆறு மணி வரை காத்திருந்து கரை சேர்ந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின் இருக்கையில் என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிடி இன்னும் மறக்கவில்லை.

ஒரே வாரத்தில் எப்படித் தலைகீழானது? கடல் ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது முந்தைய சனிக்கிழமை வற்றியிருந்த நேரத்தில் இந்தச் சனிக்கிழமை கடல் நிரம்பியிருக்கும். பொதுவாகச் சாலை, ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மூடி, உச்சத்துக்கு மூன்று மணி நேரம் கழித்துத் திறக்கும்.

நம் வீட்டு நாள்காட்டியே இதற்கு உதவும். அந்தக் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் உச்ச ஏற்றம் பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வாக்கில் வரும். அப்போது நடுப்பகல் முதல் மாலை வரை வழி இல்லை. அஷ்டமி, நவமி கழிந்த நாட்களில் உச்ச ஏற்றம் காலையிலும் இரவிலும் விழுவதால் பகல் பெரும்பாலும் திறந்திருக்கும். தோராயமாக வாரத்தைத் தேர்ந்தெடுக்க இது போதும். ஆனால் கடைசி முடிவை நார்தம்பர்லேண்ட் கவுன்சில் வெளியிடும் கடக்கும் நேர அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பொதுவான அலை அட்டவணையை வைத்து நாமே கணக்குப் போட வேண்டாம். அவற்றில் சில ஜிஎம்டி நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் பிசகிவிடும்.

அந்த அட்டவணையும் முன்கணிப்புதான். காற்றழுத்தம் குறைந்தோ, கடலிலிருந்து பலத்த காற்று அடித்தோ இருந்தால் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு முன்பே ஏறிவிடும். அதனால் மூடும் நேரத்தைப் புறப்படும் நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பேருந்தில் தலை எண்ணி முடித்திருக்க வேண்டும். அழைப்பிதழில் சாப்பாட்டு நேரத்துக்கு மேலே இந்த நேரத்தைப் பெரிதாக அச்சிடுங்கள்.

சரி, தாமதமாகிவிட்டால்? சாலையில் ஒரு விரல் உயரம் தண்ணீர் தெரிந்தாலும் வண்டியை இறக்க வேண்டாம். முன்னால் பள்ளத்தில் எவ்வளவு ஆழம் என்று அங்கிருந்து தெரியாது. தீவிலேயே இருந்துவிடுங்கள். ஐந்து மணி நேரம் போகும், அவ்வளவுதான். ஒருவேளை நடுவழியில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கூண்டில் ஏறுங்கள். 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

அடுத்த கோடைக்கான பட்டியலை நீங்கள் இந்த மாதம் தயாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். லிண்டிஸ்பார்ன் அதில் இருந்தால், அட்டவணையை எடுத்துக்கொண்டு உங்களோடு உட்கார்ந்து தேதி பார்க்க நான் வருகிறேன்.

அன்புடன்,
நியூகாசிலில் இருந்து ஒரு தகப்பன்