வேறு வீட்டுக்குப் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்

பத்து நாளாக இங்கே புதிதாக எதுவும் வராததன் காரணம் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும்: வேர்ட்பிரஸில் ஓடும் இந்தத் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை மறந்துவிட்டு வெளியே நின்றேன். தொலைபேசியில் அழைத்துக் கேட்காதவர்களே குறைவு. அந்தக் கதையை மறுபடியும் விரிக்கப் போவதில்லை. நேற்று இரவு பதினொன்றேகால் மணிக்கு நிர்வாகப் பக்கம் திறந்தது. படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்கிவிட்டால் நன்றி சொல்வதைத் தள்ளிப்போடுவேன் என்று எனக்கே தெரியும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

தளத்தின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் கையாளும் ஹோஸ்டிங் பேனலின் கடவுச்சொல்லையும் மறந்துவிட்டு நின்ற என்னிடம் முகம் சுளிக்காமல், கட்டண ரசீதைச் சரிபார்த்து அதை மீட்டுக்கொடுத்த இரவுப் பணி இளைஞருக்கு நன்றி. பேனலுக்குள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முதலில் சொல்லிக்கொடுத்த நண்பரின் மகனுக்கு நன்றி. பழைய கட்டுரைகளை அச்செடுத்து வைத்திருப்பதாகச் சொல்லித் தெம்பூட்டிய மூவருக்கும், "இலவசத் தளம் ஒன்றுக்குப் போய்விடுங்களேன்" என்று யோசனை சொன்னவர்களுக்கும் நன்றி; அந்த யோசனையை மட்டும் ஏற்க மாட்டேன்.

மீதி இடமெல்லாம் திருநெல்வேலியிலிருந்து அழைத்த ஒரு வாசகிக்கு. அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார், அந்த அச்சகத்தின் தளத்தையும் அவரே பார்த்துக்கொள்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் அழைப்பதற்கு முன் நான் மூன்று இரவுகளைத் தொலைத்திருந்தேன். கடவுச்சொல்லை மீட்கும் மின்னஞ்சல், 2014இல் தளத்தை அமைத்துக் கொடுத்தவர் பதிந்துவைத்த முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த முகவரி செத்துப் பல வருடம் ஆகிறது. ஆகவே நண்பரின் மகன் சொன்னபடி பேனலில் தரவுத்தளத்தைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் `phpMyAdmin` கருவியைத் திறந்து, பயனர் அட்டவணையில் என் வரியைக் கண்டுபிடித்து, `user_pass` என்ற கட்டத்தில் புதுக் கடவுச்சொல்லைப் போட்டேன். "1 row affected" என்று பச்சைப் பட்டையில் பதிலும் வந்தது. தளத்துக்குப் போனால் கடவுச்சொல் தவறு என்கிறது. மறுபடி மாற்றினேன், மறுபடி பச்சை, மறுபடி தவறு. யாரோ உள்ளே புகுந்து நான் மாற்ற மாற்றத் திருப்பி மாற்றுகிறான் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்மணி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஐயா, அதே தரவுத்தளத்தில் பதிவுகள் இருக்கும் அட்டவணையைத் திறந்து, தேதி வாரியாக அடுக்கி, கடைசியாக என்ன தலைப்பு இருக்கிறது என்று வாசியுங்கள்."

வாசித்தேன். ஏரி மதகுகளைப் பற்றி நான் 2019இல் எழுதிய கட்டுரை. அதற்குப் பிறகு எழுதிய எதுவும் அங்கே இல்லை.

அந்த ஆண்டுதான் தளத்தை வேறு சேவைக்கு மாற்றினோம். சோதனைக்கு ஒரு நகல் போட்டுப் பார்த்துவிட்டு, அதை அழிக்காமல் விட்டிருக்கிறோம். அதிலும் என் பெயர் இருக்கிறது, அதே பழைய மின்னஞ்சல் இருக்கிறது, ஆகவே சந்தேகமே வரவில்லை. மூன்று இரவுகளாக நான் ஆளில்லாத வீட்டுக்குப் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். குடியிருக்கும் வீடு பக்கத்தில் இருந்தது. பச்சைப் பட்டை பொய் சொல்லவில்லை. ஒரு வரி மாறியது என்றுதான் சொன்னது, எந்த வீட்டின் வரி என்று நான்தான் பார்க்கவில்லை.

எது குடியிருக்கும் வீடு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை என்றார். பேனலின் `File Manager` வழியாக `public_html` கோப்புறையில் இருக்கும் `wp-config.php` கோப்பைத் திறக்கச் சொன்னார். திருத்த அல்ல, பார்க்க மட்டும். அதில் இரண்டு வரிகளைத் தேடினேன்:

```
define( 'DB_NAME', 'eri_wp2' );
$table_prefix = 'wpk_';
```

தளம் உண்மையில் எந்தத் தரவுத்தளத்தைப் படிக்கிறது என்பதை முதல் வரி சொல்கிறது. அட்டவணைப் பெயர்களின் முன்னொட்டை இரண்டாவது வரி சொல்கிறது. நான் கைவைத்தது `wp_users`. வைக்க வேண்டியது `wpk_users`.

சரியான அட்டவணையைத் திறந்ததும் அவசரப்பட விடவில்லை. `user_pass` கட்டத்தில் ஏற்கெனவே இருந்த நீண்ட எழுத்துச் சரத்தை முதலில் ஒரு கோப்பில் நகலெடுத்து வைக்கச் சொன்னார். ஏதாவது தவறினால் திரும்ப ஒட்டிவிடலாம். பிறகு அதே வரியில் `user_email` கட்டத்தில் இப்போதைய முகவரியைப் போட வைத்தார். அதன் பிறகுதான் கடவுச்சொல். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் `Function` என்ற பட்டியலில், கடவுச்சொல்லை உருமாற்றி எழுதும் `MD5` முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் நாம் தட்டியது அப்படியே அட்டவணையில் உட்காரும். வேர்ட்பிரஸ் உருமாற்றிய வடிவத்தைத்தான் ஒப்பிடும் என்பதால் கதவு திறக்காது. சேமித்த பின் அந்தக் கட்டத்தில் 32 எழுத்து நீளத்துக்கு எண்ணும் a முதல் f வரையிலான எழுத்தும் கலந்து தெரிந்தால் சரி. நம் கடவுச்சொல்லே கண்ணுக்குத் தெரிந்தால் தவறு.

நான் உற்சாகத்தில் புதுக் கடவுச்சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டே தட்ட ஆரம்பித்தேன். "சொல்லாதீர்கள் ஐயா, எனக்கு அது தெரியவே கூடாது" என்று நிறுத்தினார். உதவ வந்த வேறு இரண்டு பேர் பேனலின் கடவுச்சொல்லையே கேட்டிருந்தார்கள், நானும் கொடுக்க இருந்தேன். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரமும் என் கையாலேயே செய்யவைத்த அந்தப் பொறுமையை நான் மறக்கப் போவதில்லை.

கதவு அப்போதும் திறக்கவில்லை. இம்முறை செய்தி வேறு: முயற்சிகள் அதிகமாகிவிட்டன, பிறகு வரவும். மூன்று இரவுகளின் தவறான முயற்சிகளைக் கணக்கு வைத்திருந்த, தளத்தோடு கூடுதலாக இணைத்திருந்த காவல் செருகுநிரல் ஒன்றின் வேலை அது. `wp-content/plugins` கோப்புறைக்குள் அதன் பெயருள்ள கோப்புறையை, முடிவில் ஒரு எழுத்தைச் சேர்த்துப் பெயர் மாற்றச் சொன்னார். செருகுநிரல் தளத்தின் கண்ணிலிருந்து மறைந்தது, நான் உள்ளே போனேன். செருகுநிரல் பக்கத்தைத் திறந்தபோது, கோப்பு இல்லாததால் அது தானாகவே அணைக்கப்பட்டதாக அறிவிப்பு இருந்தது. கோப்புறைக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி இயக்கினேன்.

அட்டவணையை மீண்டும் பார்க்கச் சொன்னார். நான் போட்ட 32 எழுத்து அங்கே இல்லை, `$wp$2y$` என்று தொடங்கும் வேறு சரம் இருந்தது. திருடனோ என்று மறுபடி பதறினேன். அவர் சிரித்துவிட்டார். `MD5` பலவீனமான பழைய முறை. வேர்ட்பிரஸ் அதை ஒருமுறை ஏற்றுக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் தன் பலமான முறையில் மாற்றி எழுதிக்கொள்கிறது. 6.8 பதிப்பிலிருந்து சரம் இப்படித் தொடங்கும், அதற்கு முன் `$P$` என்று தொடங்கும்.

தரவுத்தளத்தின் பெயர், முன்னொட்டு, மின்னஞ்சல் முகவரி மூன்றையும் தாளில் எழுதி பீரோவில் வைத்துவிட்டேன். என் மகள் பெயரில் இரண்டாவது நிர்வாகிக் கணக்கு திறந்தாகிவிட்டது. 2019இன் அந்த ஆளில்லாத வீட்டை இன்று முழுதாக ஏற்றுமதி செய்து வைத்திருக்கிறேன், ஒரு மாதம் பார்த்துவிட்டு இடித்துவிடுவேன்.

ஏதாவது கட்டணம் தரட்டுமா என்று கேட்டேன். தன் தாய்வழிக் கிராமத்து வயல்களின் பெயர்களை எழுதுவதாக நான் இரண்டு வருடம் முன்பு சொல்லியிருந்தேனாம், அதை நினைவூட்டினார். வரைவு பாதியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை வரும், அம்மா.