ராஜினாமா மெயிலுக்கு ஆறு வரி போதும், மாப்ள

அன்பு மாப்ள,

புது வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன். "அவன் அப்பா இருந்து பார்த்திருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முட்டிவலி பரவாயில்லை, மாடி ஏறத்தான் சிரமப்படுகிறார்.

நீ அனுப்பிய ராஜினாமா மெயிலை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். இரண்டு பக்கம்! அப்ரைசலில் கை விரித்தது, சனிக்கிழமை வேலை, எல்லாம் இருக்கிறது. எதுவும் பொய்யில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அது உன் மேனேஜரோடு நிற்காது. ஹெச்.ஆர். ஃபைலில் போய் உட்கார்ந்துவிடும். நாளைக்கு உன்னைப் பற்றி விசாரித்து யாராவது கேட்டால், ஃபைலைத் திறப்பவருக்கு உன் முகமே தெரியாது, அந்த வரிகள்தான் தெரியும். அதனால் வெட்டிவிட்டேன். இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்:

"வணக்கம் சார். காலையில் நேரில் சொன்னபடி, பணியிலிருந்து விலகுகிறேன். 60 நாள் நோட்டீஸ்படி என் கடைசி வேலை நாள் ஜூலை 23. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டீர்கள். அதை மறக்க மாட்டேன். கையில் உள்ளவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்று சொன்னால் இந்த வாரமே தொடங்குகிறேன். நன்றி."

நன்றியை ஒப்புக்குச் சொல்லாமல் அந்த மூன்று வாரத்தைச் சொல்லியிருக்கிறேன், பார். அந்த மனுஷன் செய்ததில் உனக்கு மறக்காதது அதுதானே? எந்தக் கம்பெனிக்குப் போகிறாய், எவ்வளவு சம்பளம் என்று எழுதவே வேண்டாம். எழுதினால் இருக்கச் சொல்லிப் பேரம்தான் தொடங்கும்.

மெயிலை இந்த வாரம் அனுப்பாதே. நீ சேர்ந்தது 2021 ஜூலை 19. மே 18 அன்று அனுப்பினால் அந்த நாளையும் சேர்த்து 60 நாள் ஜூலை 16-இல் முடியும். ஐந்து வருஷத்துக்கு இரண்டு நாள் குறையும், கிராஜுவிட்டிக்கு வாதாட வேண்டி வரும். மே 25 திங்கட்கிழமை அனுப்பினால் ஜூலை 23. பேச்சே இல்லை. உன் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 40,000 என்றாயே; அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருஷத்துக்குப் பார்த்தால் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் சொச்சம். ஒரு வாரப் பொறுமைக்கு அவ்வளவு பணம். அதனால் சீக்கிரம் விடுவிக்கச் சொல்லியும் கேட்காதே.

ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி ஜூலை 27-க்குப் பிறகுதானே? இல்லையென்றால் முதலில் அதை மாற்றி எழுதி வாங்கு. ரிலீவிங் லெட்டர் கைக்கு வர நாலு நாள் வேண்டும்.

திங்கள் காலை அவரிடம் முதலில் நேரில் பேசு, மெயில் பிறகு. பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு, காத்திருப்பேன்.

உன் நண்பன்