தங்கம் ‘சரிந்த’ நாள்: வணிகச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணிகச் செய்தி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

இறக்குமதி வரி மாறும்போதெல்லாம் ‘தங்கம் சரிந்தது’, ‘தங்கம் எகிறியது’ என்று தலைப்பு வருகிறது. படிப்பவர் உலகச் சந்தையே ஆடிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். 2024 ஜூலை 23-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் மொத்த இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. உலகச் சந்தையிலோ ஒரு அவுன்ஸ் 2,400 டாலரை ஒட்டியே நின்றது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். ஒரு டாலருக்குச் சுமார் 83.7 ரூபாய் என்று வைத்தால், வரி சேராத 10 கிராம் ஏறக்குறைய 64,600 ரூபாய். அதன்மேல் 15 சதவீதம் வைத்தால் 74,300. ஆறு சதவீதம் வைத்தால் 68,500. ஆக, வரியில் குறைந்தது 9 புள்ளி என்றாலும் விலையில் குறைய வேண்டியது 7.8 சதவீதம்தான். 115 ரூபாய்ப் பொருள் 106 ஆவதுபோல. மூன்று சதவீத ஜிஎஸ்டி இதற்கு மேல்தான் சேர்கிறது, அதனால் இந்த விகிதம் மாறாது.

ஆனால் அன்று எம்சிஎக்ஸ் முன்பேரச் சந்தையில் விலை இறங்கியது சுமார் 6 சதவீதம்தான். மீதி எங்கே போனது? முந்தைய நாளே அங்கே விலை 73,000-க்குக் கீழே இருந்தது, அதாவது வரி முழுதும் சேர்ந்த விலையைவிடக் குறைவு. தேவை மந்தமாக இருந்தால் வியாபாரிகள் தள்ளுபடியில் விற்பார்கள். வரி செலுத்தாத கடத்தல் தங்கமும் விலையைக் கீழே இழுக்கும். வரி குறைந்ததும் அந்தத் தள்ளுபடி மறைந்தது. இந்த இடைவெளியைத்தான் நீங்கள் எழுதுவதே இல்லை.

சரி, இவ்வளவு வாங்கும் நாடு உலக விலையை ஏன் அசைக்கவில்லை? இதுவரை தோண்டி எடுத்த தங்கம் 2 லட்சம் டன்னுக்கும் மேல் உலகில் கிடக்கிறது. இந்தியா ஆண்டுக்கு வாங்குவது சில நூறு டன். விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வட்டி விகிதமும் டாலரும் லண்டன், நியூயார்க் வர்த்தகமும். இறக்குமதி கூடினால் காலப்போக்கில் உலக விலைக்குக் கொஞ்சம் முட்டுக்கொடுக்கலாம். அன்றே அல்ல.

அப்புறம், பழைய சரக்கு. 15 சதவீத வரி கட்டி வாங்கிய தங்கத்துக்கும் மறுநாள் கிடைப்பது 6 சதவீத விலைதான், ஏனென்றால் அடுத்தவர் அந்த விலைக்குப் புதிதாக இறக்கிவிடுவார். விலை இறங்கினால் ஈடுகட்டிக்கொள்ள எம்சிஎக்ஸில் முன்பேரமாக விற்று வைத்திருந்தவர் பெரும்பாலும் தப்பினார், ஏனென்றால் அந்த விலையில் சுங்க வரி அடக்கம். நியூயார்க்கில் அப்படி விற்று வைத்தவருக்கு இந்த நஷ்டத்தை ஈடுகட்ட அங்கே எதுவும் கிடைக்கவில்லை. டாலர் விலைதான் நகரவில்லையே.

எனவே அடுத்த முறை வரி மாறினால், ரூபாய் விலைக்குப் பக்கத்திலேயே டாலர் விலையையும், வரி சேர்த்த கணக்கு விலையையும் போடுங்கள். மூன்று எண்கள்தான். 2022 ஜூலையில் வரி ஏறியபோது விலை ஏன் கூடியது என்பதும் இதே மூன்றில் விளங்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்