ஏழாம் அத்தியாயத்தில் அஞ்சு எண் இடிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

அகிம்சை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 'மகாவீரர் சொன்னார்' என்று ஒரு வரியைப் போட்டு, பக்கத்தில் சமண நூல் ஒன்றைக் காட்டி 'தத்துவார்த்த சூத்திரம் 7:8' என்று குறித்திருந்தீர்கள். அதைத் தேடிப் போனவர்கள் பாதிப்பேர் குழம்பியிருப்பார்கள்.

வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமண நண்பர் கொடுத்த பதிப்பு என்னிடம் இருக்கிறது. அதில் 7:8-ஐப் பார்த்தால் கொலையும் இல்லை, இம்சையும் இல்லை. புலன்களுக்குப் பிடித்ததன் மேல் ஆசையும் பிடிக்காததன் மேல் வெறுப்பும் விடச் சொல்கிறது, அதாவது பற்றின்மை விரதத்தை உறுதிப்படுத்தும் பயிற்சியான பாவனை. நீங்கள் காட்டிய வரி, 'பிரமத்தயோகாத் பிராணவ்யபரோபணம் ஹிம்ஸா', அதில் 7:13-ல் இருக்கிறது. அசட்டையோடு செய்யும் செயலால் உயிரைப் போக்குவது இம்சை என்பது பொருள். சரி, அச்சுப் பிழையாக இருக்கும் என்று விட்டிருப்பேன், ஆனால் கிருஷ்ணகிரி கடைவீதியில் அடகுக்கடை வைத்திருக்கும் மார்வாடி நண்பர் தன் வீட்டு இந்திப் பதிப்பைக் கொண்டுவந்து காட்டினார், அதில் அதே வரி 7:8-லேயே இருக்கிறது!

ரெண்டுமே சரிதான். சமணத்தின் இரு பிரிவுகளில் தமிழ்ச் சமணர்கள் திகம்பரர், நம்ம ஊர் மார்வாடிகளில் பலர் சுவேதாம்பரர். இந்த நூலை இரு தரப்பும் ஏற்றாலும் பாடம் கொஞ்சம் மாறுகிறது. ஐந்து விரதங்களுக்கும் உரிய பாவனைகளைத் திகம்பரப் பாடம் 7:4 முதல் 7:8 வரை ஐந்து தனிச் சூத்திரங்களாகவே வைத்திருக்கிறது. சுவேதாம்பரப் பாடத்தில் அவை மூலத்தில் இல்லை, உரையில்தான் வருகின்றன. அதனால் அங்கே அடுத்து வருவதெல்லாம் ஐந்து எண் முன்னால் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கை எல்லா அத்தியாயத்துக்கும் போட்டுவிடக் கூடாது. சமணச் சின்னத்தின் அடியில் எழுதியிருக்குமே, 'பரஸ்பரோபக்ரஹோ ஜீவானாம்', அது இரண்டிலும் 5:21தான்.

அப்புறம், அந்த வரி மகாவீரர் வாக்கும் இல்லை. நூலை இயற்றியவர் ஆசாரியர் உமாசுவாதி, திகம்பரர் உமாசுவாமி என்பார்கள். மகாவீரர் வாக்காகவே காட்ட வேண்டுமென்றால் ஆசாராங்க சூத்திரத்துக்குப் போயிருக்கலாம். எந்த உயிரையும் கொல்லாதே, அடக்கியாளாதே, வதைக்காதே என்று வரும் இடம் சுருதஸ்கந்தம் என்னும் பெரும்பகுதிகளில் முதலாவது, அதில் நாலாவது அத்தியாயம், அதன் உட்பிரிவான முதல் உத்தேசம். அதுவும் சுவேதாம்பரர் ஏற்கும் ஆகமம்தான், மூல ஆகமங்கள் மறைந்துவிட்டன என்பது திகம்பரர் கொள்கை. ஆகவே 'சமண ஆகமம் சொல்கிறது' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் ஒரு தரப்பு முகம் சுளிக்கும்.

பக்க எண் போடுவதிலும் பெரிய பிரயோஜனமில்லை, பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். இனிமேல் இப்படி மேற்கோள் வந்தால் நூல் பெயர், அத்தியாயம், சூத்திரம், கூடவே 'திகம்பரப் பாடம்' அல்லது 'சுவேதாம்பரப் பாடம்' என்று ஒரு சொல் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்கு 'திகம்பரப் பாடத்தில் 7:13' என்று ஒரு திருத்தம் வெளியிட்டாலே போதும்.

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி