கவரில் விகிதத்தை எழுதுங்கள்: கடலூர் காபித்தூள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காபித்தூள் கடைக்கார ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், வணக்கம்.

திருப்பாப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் காலையில் கடை திறந்து கொட்டை வறுக்கிறீர்கள். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன ஆள் நான். சிக்கரியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்கரி போடாத காபியை எங்கள் வீட்டில் யாரும் காபி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டிகாக்‌ஷனுக்குக் கறுப்பையும் கெட்டித்தன்மையையும், பால் ஊற்றிய பிறகும் அடங்காத அந்தக் கருகல் இனிப்பையும் கொடுப்பது அந்த வேர்தான். தண்ணீரில் காபியைவிட அதிகமாகவே கரையும். அதனால்தான் தூள் கொஞ்சமானாலும் டம்ளர் கறுக்கிறது.

என் பிரச்சினை வேறு. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை பன்னிரண்டு வருடமாக. போன மாதம் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் அதிகமாகி, காபியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அம்மா நேராக, எண்பது பங்கு காபிக்கு இருபது பங்கு சிக்கரி என்று 80:20 தூள் வாங்கும் வழக்கமான கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கல்லாவில் இருந்தவர், "80:20 வேணாம்மா, 60:40 எடுத்துக்குங்க, சிக்கரில காஃபீனே கிடையாது, சுகருக்கும் நல்லது" என்று கால் கிலோ கட்டிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மருந்தே காபி ரூபத்தில் வந்துவிட்டது என்று இரண்டு டம்ளர் மூன்றானது.

இரண்டே வாரம். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் அம்மா சுவரில் சாய்ந்து, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறார். படுத்தால் புளிப்பு தொண்டைவரை ஏறுகிறதாம். "நல்ல காபிதானே குடிக்கிறேன், ஏன்டா இப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கடைக்குப் போய், 60:40 கவரில் என்ன கொட்டை போடுகிறீர்கள் என்று கேட்டேன். பதில் சுலபமாக வந்தது: "அதுக்கு முழுக்க ரொபஸ்டாதான் தம்பி, பிளாண்டேஷன் அராபிகா போட்டா கட்டுப்படி ஆகாது."

கட்டுப்படி ஆகாது என்பது நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். டம்ளருக்கு எட்டு கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். பழைய 80:20-இல் காபி 6.4 கிராம். அது அராபிகா, பிளாண்டேஷனும் பீபரியும் கலந்தது. அராபிகாவில் காஃபீன் நூற்றுக்கு 1.2 சுமார், ஆக டம்ளருக்கு 77 மில்லிகிராம். புதிய 60:40-இல் காபி 4.8 கிராம்தான், ஆனால் ரொபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நூற்றுக்கு 2.2 சுமார். அப்போது 106 மில்லிகிராம். தூளில் இருப்பது அத்தனையும் டிகாக்‌ஷனில் இறங்காது என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் அது பொதுதான். சிக்கரி இரண்டு மடங்கானது, காஃபீனும் கூடவே ஏறியது! நாளுக்கு இரண்டு டம்ளரில் 154 குடித்தவர், "குறைந்த காஃபீன்" காபியில் மூன்று டம்ளராகச் சுமார் 317 குடித்திருக்கிறார். சிக்கரியில் காஃபீன் இல்லை என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பாதி உண்மை, அவ்வளவுதான்.

நெஞ்செரிச்சலுக்குக் காஃபீன் மட்டும் காரணமில்லை என்பதும் தெரியும். காஃபீன் எடுத்த காபியிலும் சிலருக்கு எரிகிறது. சிக்கரி வேரில் இன்யூலின் என்ற நார்ச்சத்து இருக்கிறது, வறுக்கும்போது ஒரு பங்கு உடைந்து கருகல் இனிப்பாகிறது, மீதி குடலில் போய் வாயுவாகிறது. வயிறு உப்பினால் அமிலத்தை மேலே தள்ளவும் வாய்ப்பு உண்டு. எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஆகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்த "சுகருக்கு நல்லது". இன்யூலினால் சர்க்கரை கொஞ்சம் இறங்குகிறதா என்று பார்க்கிற ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்குப் பத்து கிராமை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் டம்ளரில் சிக்கரித்தூளே மூன்று கிராம்தான், மூன்று டம்ளர் சேர்ந்தாலும் பத்தை எட்டாது, வறுத்த பிறகு அதில் இன்யூலின் எவ்வளவு மிஞ்சும்? அதோடு போட்ட இரண்டு ஸ்பூன் சர்க்கரையே பத்து கிராம். நூறு மில்லி பாலில் இன்னும் ஐந்து கிராம் பால் சர்க்கரை. சிக்கரி மருந்தென்று நம்பி மூன்றாவது டம்ளர் குடித்தவருக்கு அந்த மூன்றாவது சர்க்கரையும் சேர்ந்துதான் உள்ளே போனது. காஃபீனும் சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையை ஏற்றும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? கலப்புத்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, காபி இத்தனை சிக்கரி இத்தனை என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் கையில் இருக்கும் பழுப்புக் கவரில் கடையின் பெயர் மூன்று வண்ணத்தில் இருக்கிறது, பிள்ளையார் இருக்கிறார், போன் நம்பர் இரண்டு இருக்கிறது, "தரமே தாரக மந்திரம்" கூட இருக்கிறது. தரம் எத்தனை சதவீதம் என்று மட்டும் இல்லை. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டில் இருபது ரசாயனப் பெயரை எறும்பு எழுத்தில் போட இடம் கிடைக்கிறது, உங்கள் கவரில் இரண்டு எண்ணுக்கு இடமில்லை. புதுச்சேரி பக்கம் ஒரு கடையில் கேட்டதற்கு "அது எங்க தொழில் ரகசியம்" என்றார்கள். ரகசியம்! எங்கள் அம்மா குடித்தது ரகசியமா?

வீட்டிலேயே சோதிக்கலாமே என்பீர்கள். சோதித்தேன். குளிர்ந்த தண்ணீரில் தூளைத் தூவினால் காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். கண்ணாடி டம்ளரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிக்கரி இருக்கிறதா என்றுதான் அது சொல்லும், இருபதா நாற்பதா என்று சொல்லாது. ரொபஸ்டாவா பிளாண்டேஷனா என்று சத்தியமாகச் சொல்லாது. அதைச் சொல்ல முடிந்தவர் அரைத்தவர் ஒருவர்தான்.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு கவரிலும் காபி எத்தனை, சிக்கரி எத்தனை, கொட்டை எந்த வகை என்று எழுதுங்கள். அச்சடிக்கச் செலவாகும் என்றால் ரப்பர் ஸ்டாம்ப் போதும், அதுவும் வேண்டாம் என்றால் பேனாவில் எழுதினாலும் போதும். சர்க்கரைக்காரர்களும் நெஞ்செரிச்சல்காரர்களும் கேட்கும்போது "இது நல்லது" என்று மருந்துச்சீட்டு எழுதாமல் விகிதத்தை மட்டும் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்ட எங்களுக்கு அது போதும்.

அம்மா இப்போது பழைய 80:20-க்கே திரும்பிவிட்டார். காலையில் இட்லிக்கு அப்புறம் ஒரே டம்ளர், சர்க்கரை இல்லாமல். எரிச்சல் முழுக்க நிற்கவில்லை, ஆனால் தலையணை மூன்றிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. சனிக்கிழமை அவரோடு கடைக்கு வருகிறேன். கால் கிலோ கட்டும்போது, தயவுசெய்து, கவரில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்