காட்சி எண் 14: ஒரு திறந்த மடல்

காட்டுயிர் ஆவணப்படம் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். போன மார்ச்சில் வால்பாறைப் பக்கம் ஓர் இருவாச்சிக் கூட்டின் அடியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் படத்துக்கு வர்ணனை எழுதியது நான்தான். அதனால் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது.

மரத்திலிருந்து இருபதடி தள்ளிக் கேமராவை நிறுத்தியிருந்தோம். காலை ஏழு மணிக்கு ஆண் பறவை வந்தது. தொண்டை நிறைய அத்திப்பழம். பக்கத்து மரத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. பறந்து போனது, திரும்பி வந்தது, மறுபடியும் அதே கிளை. முந்தின நாள் தூரத்தில் நின்று பார்த்தபோது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊட்டிக்கொண்டிருந்த பறவை, அன்று பதினொரு மணி வரை கூட்டுக்கு வரவே இல்லை. கூட வந்த காடர் பழங்குடி அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அது கூட்டைப் பாக்கலைங்க, உங்களைப் பாக்குது."

அந்த நான்கு மணி நேரமும் உள்ளே இருந்தவளை நினைத்துப் பாருங்கள். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவுதான் மிச்சம். உள்ளேயே இறகுகளை உதிர்த்துவிடுவதால், நினைத்த நேரத்தில் வெளியே வந்து இரை தேடவும் முடியாது. குஞ்சு பொரித்த சமயத்தில் தாய்க்கும் குஞ்சுக்கும் சேர்த்து ஆண் கொண்டுவருவதுதான் சாப்பாடு. அதை நாம் மறித்துக்கொண்டு நின்றோம்.

ஒளிப்பதிவாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் "காட்சி 14: கூட்டின் வாசல், மிக அண்மையில். ஆண் பழம் ஊட்டுகிறது" என்று இருந்தது. அதை எழுதியவன் நான், அதுவும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு. நம் ஸ்கிரிப்டில் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வர்ணனை, அவ்வளவுதான். கேமரா எங்கே நிற்கலாம், எப்போது கிளம்ப வேண்டும் என்பதற்கு அதில் இடமே இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஸ்கிரிப்டில் மூன்றாவதாக ஒரு பத்தி சேருங்கள். காட்சி 14-ஐ இப்போது இப்படித்தான் எழுதுவேன்.

காட்சி: தூரத்திலிருந்து நீள லென்ஸில், இலைகளுக்கு நடுவே தெரியும் அளவுக்கு வாசல். முதலில் வெறும் மரம், மூடுபனி. பறவை கண்ணில் படுமுன் இறக்கைச் சத்தம் மட்டும். அப்புறம் ஆண் ஒவ்வொரு பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்து அலகு நுனியில் கொடுப்பது.

வர்ணனை: "முதலில் வருவது சத்தம்." பிறகு ஊட்டி முடியும்வரை ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மூன்றாவது பத்தி: ஒரு முழு நாள் கேமரா இல்லாமல் தூரத்திலிருந்து பார்த்து, ஆண் எத்தனை முறை வருகிறது என்று குறிக்க வேண்டும். நாம் ஒளிந்து படமெடுக்கும் மறைப்பை ஆண் இல்லாத நேரத்தில் வைக்க வேண்டும். பழத்தோடு வந்தும் கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்கினால், பின்வாங்க வேண்டும். அதன் பிறகும் வழக்கமான இடைவெளியில் வரவில்லை என்றால் அன்றைக்குப் படப்பிடிப்பு இல்லை. காட்சி கிடைக்காவிட்டால் வர்ணனையை மாற்றி எழுதுவது என் வேலை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாசல் தெளிவாகத் தெரியட்டும் என்று கிளையை வெட்டச் சொல்கிறீர்கள். அந்த இலைதான் அவளுக்கு வெயில் படாத நிழல், எதிரி கண்ணில் படாத திரை. பறவையை இழுக்க அதன் குரலையே ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டதென்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குத் தயாராவதில் செலவிடுகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்தான் வைத்திருக்கிறது. அனுமதிக் கடிதம் வாங்கியவர்கள் இதைப் படித்திருப்பீர்கள். படித்தும் எப்படி இருபதடி நெருக்கத்தில் போய் நின்றோம்?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். உங்கள் நெருக்கடியும் தெரியும். வாடகைக் கேமரா, குறைந்த நாட்கள், அண்மைக் காட்சி கேட்கும் சேனல். ஆனால் மூன்றாவது பத்தி எழுத ஒரு பைசா செலவில்லை. ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கத்தான் செலவு. அந்த ஒரு நாளைத் தயவுசெய்து பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

இருவாச்சிகள் பழைய பொந்துக்கே திரும்ப வருவது வழக்கம். ஜனவரி வாக்கில் அதே மரத்துக்கு மறுபடியும் வரலாம். நீங்களும் அங்கே போகத் திட்டமிடுவதாகக் கேள்விப்பட்டேன். புதிய ஸ்கிரிப்டை அதற்கு முன் எனக்கு அனுப்பினால், மூன்றாவது பத்தியைச் சம்பளம் இல்லாமல் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
அந்தப் படத்தின் வர்ணனையாளன்